தொட்டி இயக்குவோர் கையேட்டுக்கு ஒரு சொற்பட்டியல்

கிராமத்தின் குடிநீர்ப் பம்பையும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியையும் இயக்கும் வேலைக்குப் புதிதாக ஒருவரைப் பஞ்சாயத்து அமர்த்துகிறது. அவருக்குச் சில நாட்கள் பயிற்சி தருகிறோம். கையில் ஒரு கையேட்டையும் கொடுக்கிறோம். பயிற்சி முடிந்த பிறகு, பம்பு அறையில் தனியே நிற்கும்போது அவருக்கு உதவுவது அந்தக் கையேடு ஒன்றே. அதில் உள்ள ஒரு சொல்லையோ எழுத்துச் சுருக்கத்தையோ அவர் வேறாகப் பொருள் கொண்டால் அதன் பலன் ஊரார் குடிக்கும் தண்ணீரில் தெரியும். ஆகவே கையேட்டுடன் ஒரு சொற்பட்டியலும் சுருக்கப் பட்டியலும் சேர்ப்பது எவ்வாறு என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கையேட்டில் மூன்று இடங்களில் ‘குளோரின்’ என்ற சொல் வருவதாக வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில், “தொட்டி நீரில் 2 பி.பி.எம். குளோரின் இடவேண்டும்” என்று இருக்கிறது. மற்றோரிடத்தில், “கடைசிக் குழாயில் 0.2 பி.பி.எம். குளோரின் இருக்கவேண்டும்” என்று இருக்கிறது. மூன்றாவது இடத்தில், “குளோரினை ஈரம் படாமல் வைக்கவும்” என்று இருக்கிறது. எழுதியவருக்கு இவை மூன்றும் வெவ்வேறு என்பது தெரியும். முதலாவது, நீரில் நாம் சேர்க்கும் குளோரினின் அளவு. இரண்டாவது, கிருமிகளையும் அழுக்கையும் எதிர்த்துச் செலவானது போக நீரில் மிஞ்சி நிற்பது. மூன்றாவது, மூட்டையில் உள்ள பிளீச்சிங் பவுடர். புதிதாக வேலைக்கு வந்தவருக்கோ மூன்றும் ஒன்றே.

இதனால் நேரும் பிழையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தண்ணீரைப் பொறுத்தவரை, 1,000 லிட்டருக்கு 1 கிராம் என்று கொண்டால் போதும். தொட்டியின் கொள்ளளவு 30,000 லிட்டர் என்றால், 2 பி.பி.எம். குளோரினுக்கு 30 முறை 2 கிராம், அதாவது 60 கிராம் குளோரின் வேண்டும். ஆனால் பிளீச்சிங் பவுடர் முழுவதும் குளோரின் அன்று. புதிய நல்ல பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் அது நாளுக்கு நாள் குறையும். நான்கில் ஒரு பங்கு இருப்பதாகக் கொண்டால், 60 கிராம் குளோரினுக்கு 240 கிராம் பவுடர் வேண்டும்.

குளோரினும் பவுடரும் ஒன்றே என்று எண்ணியவர் 60 கிராம் பவுடரை நிறுத்துப் போடுவார். தண்ணீரில் சேருவது 15 கிராம் குளோரின்தான், அதாவது 0.5 பி.பி.எம். தொட்டியிலும் குழாயிலும் உள்ள அழுக்கு அதைத் தின்றுவிட்டால் கடைசித் தெருக் குழாயில் ஒன்றும் மிஞ்சாது. இடும் அளவையும் மிஞ்சும் அளவையும் மாற்றிக்கொண்டு, 0.2 என்பதே இடவேண்டிய அளவு என்று எண்ணியவரோ, கணக்குப்படி 6 கிராமோடு நிறுத்திவிடுவார். இரண்டு பேரும் சோம்பேறிகள் அல்லர். கையேட்டில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். குறை சொல்லில் இருந்தது.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. மருந்து கலந்து அரை மணி நேரமாவது சென்ற பிறகு, தண்ணீர் கடைசியாகச் சேரும் குழாயிலிருந்து நீர் பிடித்து, குளோரின் சோதனைப் பெட்டியின் மருந்துத் துளிகளை விட்டுப் பார்க்கவேண்டும். நிறம் ஏறாவிட்டால் குளோரின் மிஞ்சவில்லை என்பது பொருள். அப்போது பவுடர் பழையதா, நீரில் அழுக்கு அதிகமா என்று பார்ப்பதோடு, இயக்குபவர் எந்தக் கணக்கில் நிறுத்துப் போட்டார் என்றும் கேட்கவேண்டும்.

இனி, பட்டியலைத் தொகுக்கும் முறையைச் சொல்வோம். கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு பென்சிலுடன் படிக்கவேண்டும். கருவியின் பெயர், செய்கையின் பெயர், அளவு, எழுத்துச் சுருக்கம் ஆகிய நான்கையும் கண்ட இடமெல்லாம் கோடிட்டு, பக்க எண்ணுடன் தனித்தனிச் சீட்டில் எழுதவேண்டும். ஒரே சொல்லுக்குரிய சீட்டுக்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், மேலே கண்ட ‘குளோரின்’ போல ஒரு சொல் பல பொருளில் வருவது உடனே தெரியும். ஒரே பொருளுக்குப் பல சொற்கள் வருவதும் தெரியும். ஓரிடத்தில் பிளீச்சிங் பவுடர், மற்றோரிடத்தில் வெளுப்புத்தூள் என்றிருந்தால், படிப்பவர் இரண்டு மூட்டைகளைத் தேடுவார்.

அடுத்து, சீட்டுக்களை எடுத்துக்கொண்டு பம்பு அறைக்குப் போகவேண்டும். பல ஆண்டுகள் வேலை செய்த இயக்குபவர் ஒருவரையும் புதியவர் ஒருவரையும் அழைத்து, ஒவ்வொரு கருவியையும் கையால் தொட்டுக்காட்டி, “இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?” என்று கேட்கவேண்டும். அவர்கள் வாயில் வரும் சொல்லையே தலைச்சொல்லாகக் கொள்வது நலம். எல்லாரும் ‘வால்வு’ என்று சொல்லும்போது கையேடு மட்டும் கலைச்சொல் அகராதியிலிருந்து எடுத்த ‘ஓரதர்’ என்று எழுதினால், அதை யாரும் தேடமாட்டார்கள். ஊருக்கு ஊர் வேறுபடும் மற்றச் சொற்களைத் தள்ளிவிடவும் கூடாது. அவற்றையும் அகர வரிசையில் அவற்றின் இடத்தில் எழுதி, எதிரே, ‘பிளீச்சிங் பவுடர் என்பதைக் காண்க’ என்று குறித்தால் போதும்.

எழுத்துச் சுருக்கங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். தமிழில் அளவுகளைச் சுருக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. கி.மீ. என்பதில் ‘கி’ கிலோவைக் குறிக்கிறது, மி.கி. என்பதில் அதே ‘கி’ கிராமைக் குறிக்கிறது. ‘மி’ என்ற எழுத்தும், மீட்டரைக் குறிக்கும் ‘மீ’ என்ற எழுத்தும் மங்கிய அச்சில் ஒன்றுபோலத் தோன்றும். ஆகையால் மருந்தின் எடையைக் கூறும் இடங்களில் கிராம், மில்லிகிராம், கிலோகிராம் என்று முழுச் சொல்லையே எழுதும்படி கையேட்டைத் திருத்திவிடலாம். இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வரும் சொல்லுக்குச் சுருக்கமே வேண்டியதில்லை.

மோட்டாரின் தகட்டில் பொறித்திருக்கும் சுருக்கங்கள் வேறு வகை. அவற்றை நாம் மாற்ற முடியாது. தகட்டில் எச்.பி. என்ற ஆங்கில எழுத்துக்கள் இருக்க, பட்டியலில் ‘கு.தி.’ என்று புதிதாக ஒன்றைப் படைத்தால், இயக்குபவர் தகட்டையும் பட்டியலையும் பொருத்திப் பார்க்க இயலாது. தகட்டில் உள்ள எழுத்தை உள்ளபடியே எழுதி, பக்கத்தில் அதன் தமிழ் ஒலிப்பையும், அதன் பின் ‘குதிரைத்திறன்’ என்ற விளக்கத்தையும் கொடுக்கவேண்டும்.

ஒரே சுருக்கத்துக்கு இரண்டு பொருள் இருக்குமானால் அது ஆபத்தானது. நாம் பார்த்த ஒரு பஞ்சாயத்தில், கையேட்டுடன் இணைந்த குழாய் வரைபடத்தில் ‘எஸ்.வி.’ என்ற குறி பல இடங்களில் இருந்தது. சில இடங்களில் அது ஸ்லூயிஸ் வால்வு. தெருவுக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவது. தாழ்வான ஓரிடத்தில் அதுவே ஸ்கவர் வால்வு. குழாயில் தங்கிய கசடை வெளியேற்றுவது. “பள்ளத்தின் ஓரமுள்ள எஸ்.வி.யைத் திற” என்று சொல்லப்பட்ட புதியவர், வரைபடத்தைப் பார்த்துக் கசடு வால்வைத் திறந்துவிட்டார். தெருவுக்குப் போகவேண்டிய தண்ணீர் ஓடையில் போயிற்று. தொட்டி காலியான பிறகுதான் செய்தி தெரிந்தது. அதன்பின் அந்தச் சுருக்கத்தையே நீக்கி, ‘தெரு வால்வு’, ‘கசடு வால்வு’ என்று முழுமையாக எழுதினார்கள். வால்வுக் குழிகளின் மூடியிலும் அதே பெயர்களை வண்ணத்தால் எழுதிவைத்தார்கள். பட்டியலில் உள்ள பெயரும் இடத்தில் உள்ள பெயரும் ஒன்றானால்தான் பட்டியல் பயன்படும்.

விளக்கம் எழுதும்போது, அந்தப் பொருள் என்ன, எங்கே இருக்கிறது, அதைக் கொண்டு என்ன செய்யவேண்டும் என்ற மூன்றும் வருமாறு பார்த்துக்கொள்ளவேண்டும். தலைச்சொல்லைவிடக் கடினமான சொல்லால் அதை விளக்கக்கூடாது. மாதிரிக்குச் சில பதிவுகளைத் தருகிறோம்:

இடும் குளோரின்: தொட்டி நீரில் நாம் சேர்க்கும் குளோரினின் எடை. பவுடரின் எடை அன்று. கணக்குக்குப் பக்கம் பார்க்க.

எஞ்சிய குளோரின்: குழாய் நீரில் மிஞ்சி நிற்கும் குளோரின். கடைசிக் குழாயில் சோதனைப் பெட்டியால் பார்ப்பது. 0.2 பி.பி.எம்.முக்குக் குறையக்கூடாது.

கசடு வால்வு: குழாய்வழியின் தாழ்ந்த இடத்தில் இருப்பது. குழாயைக் கழுவும்போது மட்டும் திறக்கவேண்டும். திறந்தால் தண்ணீர் வெளியே போகும்.

பி.பி.எம்.: 1,000 லிட்டர் தண்ணீரில் 1 கிராம்.

பிளீச்சிங் பவுடர்: மூட்டையில் வரும் வெள்ளைத் தூள். இதில் ஒரு பகுதியே குளோரின். மூடிவைக்காவிட்டால் வலிமை குறையும்.

இவ்வாறு எழுதியதை அகர வரிசைப்படுத்துகையில், ஸ்டார்ட்டர் போன்ற வடவெழுத்துச் சொற்கள் எங்கே வரும் என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிடவேண்டும். சுருக்கப் பட்டியல் கையேட்டின் முன்பக்கத்திலும், சொற்பட்டியல் கடைசியிலும் இருப்பது வசதி. அடிக்கடி தேவைப்படும் பத்துப் பன்னிரண்டு பதிவுகளைப் பெரிய எழுத்தில் எழுதி, பம்பு அறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு பரீட்சை வைக்கவேண்டும். பட்டியலை இதுவரை பார்த்திராத ஓர் இயக்குபவரிடம் கையேட்டையும் தராசையும் கொடுத்து, “உங்கள் தொட்டிக்கு வேண்டிய பவுடரை நிறுத்துக் காட்டுங்கள்” என்று மட்டும் சொல்லவேண்டும். “புரிகிறதா?” என்று கேட்டால் எவரும் புரிகிறது என்றே சொல்வர். தராசு அவ்வாறு சொல்லாது. 30,000 லிட்டர்த் தொட்டிக்கு, நாம் முன்பு கொண்ட வலிமையுள்ள பவுடரில் 240 கிராமை அவர் நிறுத்தால் பதிவுகள் சரி. 60 கிராமில் நிறுத்திவிட்டால் அவரைத் திருத்தவேண்டாம். அவர் பார்த்த பதிவு எது என்று கேட்டு, அந்தப் பதிவைத் திருத்துவோம்.