பாறைச் சுழற்சிப் படம்: காவிரி மணலுக்கு அம்புக்குறி எங்கே?

பாறைச் சுழற்சி வரையச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் போடுவது ஒரு வட்டம். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெட்டிகள், நடுவில் மூன்று அம்புக்குறிகள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் திருச்சியில் காவிரி மணலை ஒரு கை அள்ளி, இது எந்த அம்புக்குறி வழியாக வந்தது என்று கேட்டால் அந்தப் படத்தில் பதில் கிடைக்காது.

அந்த மணலில் பெரும்பகுதி மைசூர் பீடபூமியிலும் வழியிலுள்ள மலைகளிலும் உள்ள நைஸ், சார்னோகைட் போன்ற பாறைகள் சிதைந்து வந்தது. நைஸ் உருமாறிய பாறை. வட்டப் படத்திலோ உருமாறிய பாறைக்கு ஒரே வழிதான் உண்டு: உருகுவது. காவிரிக் கரையில் கிடக்கும் மணல் உருகவே இல்லையே!

அதனால் மூன்று பெட்டி போதாது, ஐந்து வேண்டும். தாளின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள், அதுதான் தரைமட்டம். கோட்டுக்கு மேலே 'படிவுகள்' (மணல், சேறு, கூழாங்கல்). அடியில், தாளின் கீழ் விளிம்பில், 'பாறைக்குழம்பு'. இடையில் மூன்று பாறைகள்.

இனி அம்புக்குறிகள். பெட்டிக்குள் பொருளின் பெயர், அம்புக்குறி மேல் நடக்கும் வேலையின் பெயர். இதைக் கலக்கக் கூடாது. பாறைக்குழம்பிலிருந்து தீப்பாறைக்கு 'குளிர்ந்து இறுகுதல்'. படிவுகளிலிருந்து படிவுப் பாறைக்கு 'அமுங்கிப் பிணைதல்'. மூன்று பாறைகளிலிருந்தும் படிவுகளுக்கு ஒவ்வோர் அம்புக்குறி: 'மேலெழும்புதல், சிதைதல், அரித்துச் செல்லப்படுதல்'. காவிரி மணலின் வழி இதுதான். மேலெழும்புதலை விட்டுவிட்டால், ஆழத்தில் உருவான பாறை மழையையும் வெயிலையும் எப்படிப் பார்க்கும்?

மதிப்பெண் அதிகம் போவது அடுத்த இடத்தில். தீப்பாறையிலிருந்தும் படிவுப் பாறையிலிருந்தும் உருமாறிய பாறைக்குப் போகும் அம்புக்குறியில் 'உருகுதல்' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே 'வெப்பமும் அழுத்தமும்' என்றுதான் வர வேண்டும். உருமாற்றம் பாறை திடமாக இருக்கும்போதே நடக்கிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸிலேயே தொடங்கிவிடும். கிரானைட் வகைப் பாறை ஆழத்தில் உருகத் தொடங்கவோ 650 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிவிட்டால் அது பாறைக்குழம்பு. ஆறினால் மறுபடி தீப்பாறை.

மணற்கல் குவார்ட்சைட் ஆவதைப் பார்த்தால் இது விளங்கும். மணற்கல்லை உடைத்தால் விரிசல் மணிகளைச் சுற்றிக்கொண்டு போகும். விரலால் தேய்த்தால் மணல் நெருடும். குவார்ட்சைட்டில் மணிகள் ஒன்றோடொன்று இறுகிப் பின்னியிருப்பதால் விரிசல் மணிகளை அறுத்துக்கொண்டு போகும். எதுவும் உருகவில்லை, மணிகள் மட்டும் புதிதாக அடுக்கிக்கொண்டன.

படத்தைச் சரிபார்க்க ஒரு சோதனை: ஒரு மணல்மணியைப் பென்சில் முனையாக வைத்து நகர்த்துங்கள். படிவு, மணற்கல், குவார்ட்சைட், மறுபடி படிவு. பாறைக்குழம்பைத் தொடாமலே சுற்றி வர முடிந்தால் படம் சரி. 'உருகுதல்' என்ற சொல், பாறைக்குழம்புக்குள் நுழையும் அம்புக்குறியைத் தவிர வேறெங்காவது இருந்தால் அழித்துவிடுங்கள்.