உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

லட்டு எங்கள் வீட்டு வெள்ளை ஸ்பிட்ஸ். அவனுக்கு ஐந்து வயதானபோது, முகத்தை நக்க வந்தால் வாய் நாறத் தொடங்கியது. "நாய் வாயின்னா நாறத்தான் செய்யும்" என்றார் அம்மா. நானும் அப்படியே நம்பினேன். தடுப்பூசிக்குக் கூட்டிப் போன அன்று டாக்டர் அவன் மேலுதட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளிக் காட்டினார்.

"முன்பல்லைப் பாருங்க, பளிச்சுன்னு இருக்கு. இப்ப பின்னாடி பாருங்க."

மேல் வரிசையின் பின்பகுதியில், கூரை போல முனை கொண்ட பெரிய பல் ஒன்று இருந்தது. போர் தண்ணீர் பிடித்து வைத்த வாளியில் உப்பு படியுமே, அப்படிப் பழுப்பாகக் காரை பிடித்திருந்தது. காரைக்கு மேலே ஈறு தொடங்கும் இடத்தில், பேனாவால் கோடு இழுத்தாற்போல ஒரு சிவப்பு. அந்தக் கோட்டைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். ஐந்து வருடம் தினமும் அவன் தலையைத் தடவியிருக்கிறேன், ஒரு நாள் கூட உதட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றில் இந்த மேல் பெரிய பல், கறியைக் கிழிக்கும் பல், முதலில் கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. கன்னத்தின் உட்புறம் உமிழ்நீர் வாயில் திறக்கும் துளை சரியாக இதன் அருகில் இருக்கிறது. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நம்மைப் போல நாய்க்குப் பற்சொத்தை அவ்வளவாக வருவதில்லை, ஆனால் காரை சீக்கிரம் படிகிறது. பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே கிருமிகள் சேர்ந்த வழவழப்பான படலம் ஒன்று மூடத் தொடங்கும். அது மெதுவாக இருக்கும்வரை பிரஷ் பட்டால் போய்விடும். விட்டுவிட்டால் இரண்டு மூன்று நாளில் உமிழ்நீரின் உப்புகள் இறங்கிக் கல்லாகிவிடும். கல்லான பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பெயராது. வாரம் ஒருமுறை குளிப்பாட்டும்போது பல்லும் தேய்த்தால் போதும் என்று நினைப்பது இதனால்தான் பயன் தருவதில்லை. தினமும் தேய்க்க வேண்டும், முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது.

அந்தச் சிவப்புக் கோடு ஈறு அழற்சியின் முதல் அடையாளம். ஆரோக்கியமான ஈறு வெளிர் இளஞ்சிவப்பாக, ஓரம் கத்தி முனை போல மெல்லிதாகப் பல்லோடு ஒட்டியிருக்கும். அழற்சி வந்தால் ஓரம் சிவந்து, உப்பி, உருண்டு தெரியும்; தொட்டால் ரத்தம் கசியும். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றில் சிவப்பு தெரியாது, உப்பலையும் கசிவையும்தான் பார்க்க வேண்டும். கடித்து விளையாடும் பொம்மையில் ரத்தப் பொட்டு இருந்தாலும் இதே சேதிதான். இந்தக் கட்டம்வரை எல்லாம் பழையபடி ஆகிவிடும். படலத்தை அகற்றினால் ஈறு ஆறிவிடும்.

இதைத் தவறவிட்டால் கிருமிகள் ஈறுக்கு அடியில் இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் தாடை எலும்பையும் அரிக்கும். அரித்த எலும்பு திரும்ப வளராது. ஒரு பக்கமாக மெல்லுவது, உணவைக் கீழே நழுவவிடுவது, கண்ணுக்குக் கீழே வீங்குவது எல்லாம் அந்தத் தாமதமான கட்டத்தின் அறிகுறிகள். நாய் சாப்பிடுகிறதே, வலி இருக்காது என்று எண்ண வேண்டாம். பல் ஆடினாலும் நாய் சாப்பிடும். லட்டு கடைசி வரை தட்டைக் காலி செய்துகொண்டுதான் இருந்தான். மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்தார்கள். கீழ்வரிசை முன்பல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. மயக்கம் கொடுக்காமலே சுரண்டித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அதில் கண்ணுக்குத் தெரியும் காரை போகும், பல் வெள்ளையாகும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில், அங்கே எதுவும் நடந்திருக்காது.

காயம் ஆறியதும், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, பிரஷ் பழக்கத் தொடங்கினேன். வலிக்கும் ஈறில் தொடங்கினால் நாய் பிரஷைப் பார்த்தாலே ஓடும். முதல் வாரம் பிரஷே இல்லை. தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உதட்டைத் தூக்கி, விரலால் ஒரு பல்லைத் தொட்டு, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. அடுத்த வாரம் விரலில் ஈரத் துணி சுற்றித் தேய்த்தேன். அதற்குப் பிறகுதான் குழந்தைகளுக்கான மிருதுவான சின்ன பிரஷ்.

எதிரே நின்று குனிந்தால் நாய் மிரளும். பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்கவே வேண்டாம், மூடியபடியே இருக்கட்டும். ஒரு கையால் மூக்குத்தண்டின் மேல் லேசாகப் பிடித்து, கட்டைவிரலால் உதட்டை ஒதுக்குங்கள். கோரைப்பல்லில் தொடங்குவது நல்லது, முன்பற்களில் கூச்சம் அதிகம். பிரஷைப் பல்லுக்கு நேராக வைக்காமல், ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து, நார்களின் நுனி ஈறும் பல்லும் சேரும் இடத்தில் படும்படி சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். பல்லின் நடுவைத் தேய்த்து ஓரத்தை விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நோய் ஓரத்தில்தான் இருக்கிறது. அப்படியே பின்னால் நகர்ந்து, உதட்டின் மூலையை இழுத்து அந்தப் பெரிய பல்லுக்குப் போங்கள். அங்கே கூடுதலாகப் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். உட்புறத்தைப் பெரும்பாலும் நாக்கு பார்த்துக்கொள்ளும்.

நம்முடைய பேஸ்ட் கூடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, அத்தனையும் வயிற்றுக்குள் போகும். ஃப்ளோரைடும் நுரைப் பொருளும் ஆகாது. சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த பேஸ்ட் என்றால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், கல்லீரலும் கெடலாம். உப்பு, கரித்தூள், கிராம்பு எண்ணெய் வைத்தியமும் வேண்டாம். நாய்களுக்கென்று விற்கும் கோழிச்சுவை பேஸ்ட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷே போதும், வேலை செய்வது நார்தான்.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பார்கள். கெட்டியான எலும்பில் அந்தப் பெரிய பல்லே சில்லாகப் பெயரும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் அழுந்தாத எதையும் கடிக்கக் கொடுக்க வேண்டாம்.

போன வருடம் இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தேன். வீட்டில் இருந்தவர்களுக்கு லட்டு வாயைக் காட்டவில்லை. திரும்பி வந்து உதட்டைத் தூக்கினால், இடது பெரிய பல்லின் மேலே அதே மெல்லிய சிவப்பு. காரை இன்னும் கொஞ்சமாகத்தான் படிந்திருந்தது. அன்று தேய்த்தபோது பிரஷ் நுனி இளஞ்சிவப்பானது. பயந்து நிறுத்தாமல் இதமாகத் தினமும் தேய்த்தேன். இரண்டு வாரத்தில் கசிவு நிற்காவிட்டால் கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலாம் நாள் பிரஷில் ரத்தம் இல்லை. பத்தாம் நாள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு இருந்த இடத்தில் ஈறு வெளிர்ந்து பல்லோடு ஒட்டிக் கிடந்தது. லட்டு பொறுமை இழந்து, கோழித் துண்டு இருந்த என் இன்னொரு கையை முகர்ந்துகொண்டிருந்தான்.