உஷார்! அது வெறும் பீடி இருமலாக இல்லாமல் போகலாம்

ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் போடுகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. குந்தாரப்பள்ளியில் லாரியை ஓரங்கட்டி டீயோடு பீடி பற்றவைக்கும் டிரைவரோ, ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து சிகரெட் பிடிக்கும் தொழிலாளியோ எச்.ஐ.வி.யோடு வாழ்பவராக இருந்தால், தயவுசெய்து கவனியுங்கள்.

வைரல் லோடு ரிப்போர்ட்டில் வைரஸ் தென்படவில்லை, சி.டி.4 எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது, இனி என்ன பயம் என்று பலர் நினைக்கிறார்கள். வைரஸ் எவ்வளவு, எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு என்பதைத்தான் அந்தச் சோதனைகள் சொல்லும். நுரையீரலும் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயும் என்ன நிலையில் இருக்கின்றன என்று அவை சொல்லாது. வைரஸ் அடங்கிய பிறகும் உடம்பில் லேசான அழற்சி விடாமல் இருந்துகொண்டே இருக்கும். அது குழாய்களின் உட்சுவரை அரிக்கிறது. புகையும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. 'குறைத்துவிட்டேன், நாளைக்கு ஒன்றுதான்' என்பதும் காப்பாற்றாது. இருபது சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி, ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது.

டென்மார்க்கில் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசம். அங்கே சிகிச்சையில் இருந்தவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 35 வயதில் இருப்பவரின் ஆயுளில் எச்.ஐ.வி. குறைப்பது சுமார் 5 ஆண்டு. புகை குறைப்பது சுமார் 12 ஆண்டு. மாத்திரை கட்டிப்போட்ட வைரஸைவிட விரலிடுக்கில் இருக்கும் சிகரெட்தான் அதிக ஆயுளைத் தின்கிறது!

நம் ஊரில் இதற்கு மேல் காசநோயும் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே பல மடங்கு. புகை அதை இன்னும் ஏற்றுகிறது. மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் ஏ.ஆர்.டி. மையத்தில் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை உண்டா என்று கேட்பார்கள். 'பீடி இருமல்தான் சார், பழகிப்போச்சு' என்று சொல்லிவிட்டு வருவதுதான் பெரிய ஆபத்து. மற்றவர்களுக்கு இரண்டு வார இருமல் என்றால்தான் சளிப் பரிசோதனை. உங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. நேற்று தொடங்கிய இருமலையும் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு எக்ஸ்ரே சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே காசநோய் இருக்கலாம். அதனால் சிபிநாட் சோதனைக்குச் சளி கொடுக்காமல் திரும்பாதீர்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

நிறுத்த முடியவில்லையா? நிக்கோடின் சூயிங்கம் உங்கள் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு மோதாது. வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தால் மட்டும் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. எச்.ஐ.வி. பற்றி அங்கே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்பதையும் இருமலையும் கவுன்சிலரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.