கண்ணியின் அகலம் சொல்லும் சேதி

காந்தத் தயக்கக் கண்ணியைப் படிக்கும்போது முதலில் கிடை அச்சின் அளவைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் சிலிக்கான் எஃகும் ஸ்பீக்கரின் நியோடிமியம் காந்தமும் தனித்தனிப் படங்களில் ஒரே அகலமாகத் தோன்றக்கூடும். உயரத்தை வைத்தும் முடிவு கட்ட முடியாது. இரண்டுமே 1 டெஸ்லாவைத் தாண்டுபவை.

கண்ணி கிடை அச்சை வெட்டும் இடம்தான் காந்த நீக்குத்திறன், அதாவது காந்தத்தன்மையை அழிக்கத் தேவையான எதிர்ப்புலம். எஃகுக்கு மீட்டருக்குச் சில பத்து ஆம்பியர் போதும். நியோடிமியத்துக்குச் சுமார் 9 லட்சம் வேண்டும்.

கண்ணிக்குள் அடங்கும் பரப்பு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கன மீட்டர் பொருளில் வெப்பமாக வீணாகும் ஆற்றல். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அந்தச் சுற்றை முடிக்கிறது. எனவே டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒல்லியான கண்ணியே வேண்டும். நிலைக்காந்தத்துக்கு அகலமானதே நல்லது.