மடைப்பக்கமும் கடைமடையும்: எட்டு சென்ட்டில் ஐந்து உளுந்து ரகங்கள்

பி.எஸ்சி. வேளாண்மை இறுதியாண்டு மாணவர்கள் இருவர் வயலில் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து உளுந்து ரகங்களை ஒப்பிடுவது அவர்களுடைய திட்டம். வடக்கே மடை, தெற்கே கடைமடை. வரப்பில் நின்றிருந்த பண்ணைத் தொழிலாளி ஒருவர், "தம்பி, மடைப்பக்கம் பயிர் எப்பவும் கருகருன்னு நிக்கும். கடைமடை வெளிறித்தான் கிடக்கும். எதை எங்க போடப்போறீங்க?" என்று கேட்டார். வயல் சோதனைக்கான வடிவமைப்பு முழுவதும் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான்.

ஒரு ரகத்தை மடைப்பக்கமும் இன்னொன்றைக் கடைமடையிலும் விதைத்து, முதலாவது கூடுதலாக விளைந்தால், விளைந்தது ரகமா மண்ணா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வயலை ஒரே சீராக ஆக்கவும் முடியாது. முடிவது ஒன்றுதான். ஏற்றத்தாழ்வு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதற்குக் குறுக்கே வயலைப் பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் எல்லா ரகங்களும் ஒருமுறை வர வேண்டும். அப்போது மடையருகே இருக்கும் ஐந்து ரகங்களும் தங்களுக்குள் போட்டியிடும், கடைமடையில் இருக்கும் ஐந்தும் தங்களுக்குள் போட்டியிடும். மாணவர்கள் ஆர்.பி.டி. என்று சொல்லும் ராண்டமைஸ்டு பிளாக் டிசைன் இதுதான். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1919-இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், பல ஆண்டு வயல் விளைச்சல் கணக்குகளோடு மல்லாடித்தான் இந்த முறையை வகுத்தார்.

அந்த மாணவர்கள் எடுத்திருந்தவை வம்பன் 6, வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11, ஆடுதுறை 5. எத்தனை பட்டை வேண்டும்? மூன்று போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரகங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, பட்டைகளின் எண்ணிக்கையிலும் ஒன்றைக் கழித்து, இரண்டையும் பெருக்கினால் 12-க்குக் குறையக்கூடாது என்பது நடைமுறை விதி. பயிர்களுக்கிடையே இயல்பாக உள்ள ஏற்ற இறக்கத்தை நம்பகமாக அளக்க அவ்வளவு தகவலாவது தேவை. ஐந்து ரகம், மூன்று பட்டை என்றால் 8 தான் வருகிறது. நான்கு பட்டை என்றால் 12. ஆகவே மொத்தம் 20 பாத்திகள்.

ஒரு பாத்தி 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். நீளப்பக்கம் மடையிலிருந்து கடைமடை நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரு பட்டைக்குள் இருக்கும் சரிவை ஐந்து பாத்திகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். கிழக்கு மேற்காக ஐந்து பாத்திகள், நடுவில் அரை மீட்டர் இடைவெளி. பட்டைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு மீட்டர் வாய்க்கால். மொத்தம் 17-க்கு 19 மீட்டர், கிட்டத்தட்ட எட்டு சென்ட். ஒவ்வொரு பாத்திக்கும் வாய்க்காலிலிருந்து நேரடியாகத் தண்ணீர் திறக்க வேண்டும். பாத்தியிலிருந்து பாத்திக்கு வழியவிட்டால் உரமும் கூடவே போய்விடும்.

எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்ய வேண்டும். முதல் பட்டைக்கு ஐந்து சீட்டு எடுத்து எழுதிவிட்டு, எல்லாச் சீட்டையும் மறுபடி போட்டுக் குலுக்கி இரண்டாவது பட்டைக்கு எடுக்க வேண்டும். ஒருமுறை வந்த வரிசையையே நான்கு பட்டைக்கும் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கிழக்கு வரப்பில் ஒரு வேப்பமரம் இருந்தால் போதும், ஒரே ரகம் நான்கு முறையும் நிழலில் மாட்டிக்கொள்ளும்.

விதையும் கவனிக்க வேண்டியது. ஒரு ரகம் போன பருவத்து விதை, இன்னொன்று இரண்டு வருடம் பழையது என்றால் ஒப்பிடுவது ரகத்தை அல்ல, விதையின் வயதை. முளைப்புத்திறன் பார்த்துவிட்டு, பாத்திக்கு ஒரு உறையாக 20 உறைகளில் எடைபோட்டு, உறைமேல் பட்டை எண்ணும் பாத்தி எண்ணும் எழுதிக்கொண்டு வயலுக்குப் போவது நல்லது. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் பாத்திக்குப் பத்து வரிசை, வரிசைக்கு நாற்பது செடி.

விதைப்புக்குப் பின் எல்லா வேலையையும் பட்டை பட்டையாகவே முடிக்க வேண்டும். களையெடுப்பு ஒரு நாளில் முடியவில்லையா, ஒரு பட்டையை முடித்துவிட்டு நிறுத்தலாம். நடுவில் நிறுத்தினால் அந்தப் பட்டையில் இரண்டு பாத்தி நேற்றும் மூன்று பாத்தி இன்றும் களையெடுத்ததாகிவிடும். பட்டைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கில் கழித்துவிடலாம், பட்டைக்குள் நாமே உண்டாக்கிய வேறுபாட்டைக் கழிக்க வழியில்லை.

ஓரத்துச் செடிக்கு வெளிச்சமும் இடமும் அதிகம், அது கூடுதலாகவே காய்க்கும். அதனால் அறுவடையில் இரு ஓர வரிசைகளையும், ஒவ்வொரு வரிசையின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு செடிகளையும் விட்டுவிட வேண்டும். மீதி எட்டு வரிசை, வரிசைக்கு 36 செடி, பரப்பு 8.64 சதுர மீட்டர். காய் எண்ணிக்கைக்காக ஐந்து செடிகளில் அட்டை கட்டுவதும் இந்த உள்பகுதியில்தான். எந்தச் செடி என்பதையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். கண்ணால் தேர்ந்தெடுத்தால் கை தானாகவே செழிப்பான செடிக்குப் போகும்.

பட்டை பிரித்ததால் என்ன லாபம் என்பது கணக்கில் தெரியும். விளக்கத்துக்காக நான் போட்ட மாதிரி எண்கள் இவை, மேலே சொன்ன ரகங்களின் விளைச்சல் அல்ல. அ, ஆ, இ, ஈ, உ என்ற ஐந்து ரகங்களின் சராசரி பாத்திக்கு 700, 740, 780, 800, 830 கிராம். மடையிலிருந்து கடைமடை வரை நான்கு பட்டைகளின் சராசரி 850, 810, 750, 670 கிராம். ரகங்களுக்கிடையே அதிகபட்ச வித்தியாசம் 130 கிராம்தான், மண்ணால் வந்த வித்தியாசம் 180 கிராம்.

20 பாத்திகளின் மொத்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கு மூன்றாகப் பிரிக்கிறது: ரகத்தால் வந்தது, பட்டையால் வந்தது, இரண்டாலும் விளக்க முடியாத மீதி. அந்த மீதிதான் பிழை. ரகத்தின் பங்கு பிழையைப்போல எத்தனை மடங்கு என்பதே எஃப் மதிப்பு. இந்த எண்களில் பிழையின் அளவு 1,600 என்று வைத்துக்கொண்டால் எஃப் 6.5 வருகிறது. 5 சதவீத மட்டத்தில் அட்டவணை கேட்பது 3.26. ரகங்களுக்கிடையே உண்மையான வேறுபாடு இருக்கிறது என்று சொல்லலாம். இதே 20 எடைகளைப் பட்டை என்ற ஒன்றே இல்லாததுபோலக் கணக்கிட்டால், மண்ணின் வித்தியாசம் முழுவதும் பிழைக்குள் போய் விழுகிறது. எஃப் 1.4 ஆகச் சரிகிறது. அட்டவணை கேட்பது 3.06. வேறுபாடு இல்லை என்று எழுத வேண்டிவரும், அதுவும் அதே விளைச்சலை வைத்துக்கொண்டு. பட்டைகளைத் திசை மாற்றி, மடையிலிருந்து கடைமடைவரை நீளமாகப் பிரித்திருந்தாலும் ஏறக்குறைய இந்தக் கதிதான், ஏனென்றால் ஒவ்வொரு பட்டைக்குள்ளும் நல்ல மண்ணும் மெலிந்த மண்ணும் சேர்ந்தே இருக்கும்.

அடுத்தது சி.டி. மதிப்பு. இரண்டு ரகங்களின் சராசரி எவ்வளவு விலகினால் அதை வேறுபாடு என்று ஏற்கலாம் என்பதற்கான எல்லை அது. இங்கே ஏறத்தாழ 62 கிராம். உ முதலிடம்தான், ஆனால் ஈ-யிடமிருந்து 30 கிராமும் இ-யிடமிருந்து 50 கிராமும் மட்டுமே விலகியிருக்கிறது. ஆகவே மூன்றும் சமம் என்றே கொள்ள வேண்டும். ஆ, அ இரண்டையும்விட உ மேல் என்று உறுதியாகச் சொல்லலாம். இறுதியாண்டு அறிக்கைகளில் அதிகம் சறுக்கும் இடம் இது. பட்டியலில் மேலே இருக்கும் ரகத்தைச் "சிறந்தது" என்று எழுதிவிடுகிறார்கள், பக்கத்திலேயே சி.டி. மதிப்பையும் போட்டுவிட்டு. 830 கிராமை எக்டேருக்கு மாற்றினால் சுமார் 960 கிலோ வரும். சி.டி.யையும் அப்படியே மாற்ற வேண்டும், அது 71 கிலோ. இந்த முடிவு அந்த ஒரு வயலுக்கும் அந்த ஒரு பருவத்துக்கும் உரியது என்ற வரியும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.