கொடியில் காயும் துணியை எண்ணித்தான் செட் போடவேண்டும்

என் தங்கைக்குக் கார்த்திகை மாதத்தில் பிரசவமானது. மருத்துவமனையிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த அன்றே, இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கிய ‘நியூபார்ன் காம்போ’ பெட்டியும் வந்து சேர்ந்தது. பதிவில் 32 பொருட்கள் என்று போட்டிருந்தார்கள். பிரித்து எண்ணினால் 32 இருந்தது உண்மைதான். ஆனால் மூன்று ஜோடி சாக்ஸ் ஆறு பொருளாகவும், மூன்று ஜோடி கையுறை இன்னொரு ஆறாகவும் கணக்கில் ஏறியிருந்தன. தொப்பி மூன்று, எச்சில் துணி மூன்று, ஜப்லா மூன்று, ஒரு தலையணை, இரண்டு அணைப்புத் தலையணை, போர்வை ஒன்று, சீப்பு ஒன்று. குழந்தைக்குக் கட்டும் நாப்கின் மொத்தமே ஆறு.

“ஆறு துணியை வச்சுக்கிட்டு ஒரு பொழுதுகூட ஓட்ட முடியாதுடி” என்று சொல்லிவிட்டு அம்மா பரணிலிருந்து அப்பாவின் பழைய வேட்டியை இறக்கிக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நானே வீட்டிலிருந்து குழந்தைத் துணி விற்கும் இரண்டு தோழிகளுக்குப் பதிவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். செட் எதை வைத்துத் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அப்போது புரிந்தது. அலமாரியில் தேங்கி நிற்கும் சரக்கிலிருந்து தொடங்கினால் 32 பொருள் பெட்டிதான் வரும். பிள்ளை பெற்ற வீட்டின் கொடியிலிருந்து தொடங்கினால் வேறு கணக்கு வரும்.

அந்தக் கணக்கு இப்படி. பிறந்து ஒரு வாரம் ஆன, தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகும். மலம் மூன்று நான்கு முறை, சில குழந்தைகள் அதற்கும் மேல். ஆக ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு துணி மாற்றவேண்டும். சித்திரை வெயிலில் காலையில் துவைத்தது மாலைக்குள் காய்ந்துவிடும் என்பதால் பதினெட்டு நாப்கின் இருந்தால் சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு துணி காய ஒரு முழு நாள் பிடிக்கும். அப்போது இருபத்து நான்கு இருந்தால்தான் மூச்சு விட முடியும். இரவில் மட்டும் டயப்பர் போடுகிற வீடு என்றால் நாலு குறைத்துக்கொள்ளலாம். “24 நாப்கின், ஏனென்றால் மழைக்காலத்தில் ஒரு முழு நாள் துணி கொடியில் இருக்கும்” என்று பதிவில் ஒரு வரி போட்டுவிட்டால், இதை எழுதியவருக்குப் பிள்ளை வளர்த்த வீடு தெரியும் என்று வாங்குகிற தாய்க்கு உடனே பிடிபடும்.

டயப்பருக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. நியூபார்ன் அளவு பொதுவாக 5 கிலோ எடை வரைக்கும்தான். மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். பிறகு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் என்று ஏறும். அதனால் மூன்று மாதத்தை ஒட்டி ஐந்து கிலோவைத் தொட்டுவிடும், தொடை பருத்த குழந்தைக்கு அதற்கு முன்பே இறுக்க ஆரம்பிக்கும். மூன்று பெரிய பாக்கெட் நியூபார்ன் டயப்பரை ஒரே செட்டில் திணித்து ‘சிறப்புச் சலுகை’ என்று கொடுத்தால், இரவுக்கு மட்டும் டயப்பர் போடும் வீட்டில் கடைசிப் பாக்கெட் பிரிக்காமலே கிடக்கும். ஒரு சிறிய பாக்கெட் போதும்.

இனி விலைக்கு வருவோம். அதிகமாகப் பொய் கலப்பது இந்த இடத்தில்தான். “₹2,999 மதிப்புள்ளது, இன்று மட்டும் ₹999” என்ற வரியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அந்த 2,999 எங்கிருந்து வந்தது என்று எந்தப் பதிவும் சொல்வதில்லை. ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். முன்பக்கம் நாடா கட்டும் ஜப்லா ஆறு, ஒன்று 90 ரூபாய் வீதம் 540. நாப்கின் இருபத்து நான்கு, ஒன்று 35 வீதம் 840. மஸ்லின் போர்வை இரண்டு, 180 வீதம் 360. படுக்கையில் விரிக்கும் ரப்பர் ஷீட் ஒன்று 160. மொத்தம் 1,900. இந்த நாலையும் ஒரு தாய் நாலு தடவையாக வாங்கினால், கூரியருக்கு ஒவ்வொரு முறையும் 80 என்று 320 ரூபாய் தனியாகப் போகும். ஒரே பார்சலாகப் போனால் 120 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மட்டும் 200 ரூபாய் மிச்சம். விற்பவர் தன் லாபத்திலிருந்து ஐம்பது ரூபாய் விட்டுக்கொடுத்தால், துணி 1,850, கூரியர் 120, வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலை 1,970. தனித்தனியாக வாங்கினால் 2,220. வித்தியாசம் 250.

இருநூற்றைம்பது ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் அது எப்படி வந்தது என்று சொல்ல முடிகிறது. “நாலு பார்சலுக்குப் பதில் ஒரு பார்சல், அதனால் இந்தத் தள்ளுபடி” என்று எழுதினால் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். மேலும் செட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டுக் கேட்டாலும் விலை தெளிவாக இருக்கும். ரப்பர் ஷீட் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் 160-ஐக் கழித்துவிடலாம். பொருள்வாரி விலை போடாத பதிவில் இதைக் கேட்டால், “செட்டாகத்தான் தருவோம்” என்றுதான் பதில் வரும். ‘இன்னும் மூன்று செட் மட்டுமே’ என்று இல்லாத அவசரத்தைக் காட்டுவதும், கேட்காத பொருளைப் பில்லில் சேர்ப்பதும் 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி தவறான வணிக முறைகள்.

செட்டில் எதைச் சேர்க்கவே கூடாது என்பது பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. பால் புட்டி அதில் முதலாவது. ‘இந்த செட் வாங்கினால் ஃபீடிங் பாட்டில் இலவசம்’ என்று போடுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள். ஆனால் 1992-ல் வந்து 2003-ல் இன்னும் இறுக்கப்பட்ட ஒரு மத்தியச் சட்டம், பால் புட்டி, தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடர், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு ஆகியவற்றை விளம்பரப்படுத்துவதையும், அவற்றை வாங்க வைக்கப் பரிசோ மாதிரியோ கொடுப்பதையும் தடை செய்கிறது. புட்டியின் ரப்பர் காம்பும் அதில் அடக்கம். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. பிறந்து இரண்டு நாளில் பால் சரியாகச் சுரக்கவில்லை என்று பயந்திருக்கும் தாயின் கையில் இலவசப் புட்டி இருந்தால் அவள் அதைத்தான் எடுப்பாள். சட்டம் வந்த காரணம் அதுதான். கடையில் புட்டி விற்கலாம், கேட்டு வருபவருக்குக் கொடுக்கலாம். சலுகைப் பதிவில் அதன் படம்கூட இருக்கக் கூடாது.

தலையணையும் அப்படித்தான். படத்தில் அழகாக இருப்பதால் எல்லா செட்டிலும் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. தலை நிற்காத குழந்தையின் முகம் மெத்தென்ற தலையணையிலோ அணைப்பிலோ புதைந்தால் அதனால் தானாகத் திரும்ப முடியாது, மூச்சு முட்டும். சமதளமான, அழுந்தாத விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு. கண்மையையும் விட்டுவிடவேண்டும். அதில் ஈயம் கலந்திருக்கும் ஆபத்து உண்டு. வீட்டில் அரைத்த குளியல் பொடியைச் சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அழகு சாதனமாக விற்கும் பொருளைத் தயாரிக்க உரிமம் தேவை.

நான் பதிவு எழுதிக் கொடுக்கும்போது முதலில் கேட்பது, சரக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது. நம் வீடுகளில் துணி அலமாரி என்றால் அந்துருண்டை போடுவது பழக்கம். அந்த உருண்டையில் நாப்தலீன் இருக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தினாலே சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். தன் குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது பரிசோதனை செய்யாத பெற்றோருக்குத் தெரியாது. அதனால் “எங்கள் சரக்கு அலமாரியில் அந்துருண்டை போடுவதில்லை” என்ற வரியை, அது உண்மையாக இருந்தால், விலைக்குப் பக்கத்திலேயே போடச் சொல்வேன். ‘100% கெமிக்கல் இல்லாதது’ என்ற வாசகத்தை யாராலும் சோதிக்க முடியாது. அந்துருண்டை இருந்தால் பெட்டியைத் திறந்ததும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

படத்திலும் இதே நேர்மை வேண்டும். ஜப்லாவைப் பொம்மைக்குப் போட்டு எடுப்பதைவிட, உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தையலைக் காட்டி ஒரு படம், பக்கத்தில் இஞ்சு டேப் வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். பின்னலாடைத் துணி துவைத்தால் நீளவாக்கில் சுருங்கும். மூன்று முறை துவைத்த பிறகு அளந்த நீளத்தையும் எழுதிவிட்டால், ‘முதல் துவைப்பிலேயே சின்னதாகிவிட்டது’ என்ற சண்டை வராது. அளவை மாதத்தில் சொல்வதைவிட எடையில் சொல்வது நல்லது. 2.2 கிலோ குழந்தையும் 3.6 கிலோ குழந்தையும் ஒரே நாளில் பிறந்திருக்கலாம், ‘0–3 மாதம்’ என்பது இருவருக்கும் ஒன்றல்ல.

திருப்பி எடுப்பதைப் பற்றி மழுப்பாமல் எழுதவேண்டும். நாப்கினைப் பிரித்துவிட்டால் எடுக்க முடியாது, அடுத்த குழந்தைக்கு அது போகக்கூடாது. ஜப்லா துவைக்காமல் இருந்தால் ஏழு நாளுக்குள் அளவு மாற்றித் தரலாம். திரும்ப அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

கடைசியாகத் தோழி ஒருத்திக்கு எழுதிக் கொடுத்த பதிவு இது:

“முதல் மூன்று மாதத்துக்கான துணி செட். நாடா ஜப்லா 6 (540), நாப்கின் 24 (840), மஸ்லின் போர்வை 2 (360), ரப்பர் ஷீட் 1 (160). தனித்தனியாக 1,900. செட்டாக 1,850, கூரியர் 120. வேண்டாததைச் சொன்னால் அதன் விலையைக் கழித்துக்கொள்வோம். கட்டும் முன் ஒருமுறை அலசுங்கள், துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், நாப்கின் ஈரம் உறிஞ்சாமல் போகும். எங்கள் அலமாரியில் அந்துருண்டை இல்லை. பிறக்கும் முன் வாங்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் இப்போது பணம் அனுப்ப வேண்டாம். குழந்தை பிறந்ததும் எடையை மட்டும் சொல்லுங்கள், அளவு பார்த்து மறுநாள் அனுப்புகிறோம்.”

அந்தக் கடைசி இரண்டு வரியை நான் எழுதவில்லை. தோழியின் மாமியார் சொல்லிச் சேர்த்தது. இப்போது அவளுக்கு வரும் ஆர்டர்களில் பாதி, பிரசவ வார்டிலிருந்து யாரோ ஒரு பாட்டியோ அத்தையோ எடையைச் சொல்லி அனுப்பும் குரல் பதிவாகத்தான் வருகிறது.