படிவத்தோடு வரும் பரிசு

“தங்கள் மேலான கருத்தை எழுதித் தாருங்கள், எங்கள் சிறு அன்பளிப்பைப் பெற்றுச் செல்லுங்கள்.” துணிக்கடையிலும் உணவகத்திலும் காணப்படும் இவ்வாசகம் இப்போது மருத்துவமனை வரவேற்பு மேசைகளிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. கடையில் எழுதும் கருத்தால் யாருக்கும் பெரிய இழப்பு நேர்வதில்லை. மருத்துவமனையில் அவ்வாறன்று. இரவு இரண்டு மணிக்கு அழைத்தும் செவிலியர் வரவில்லை என்பது எழுதப்படாமற்போனால், அடுத்த வாரம் அதே கட்டிலில் படுப்பவருக்கும் அதுவே நேரும். அந்தக் கருத்தை வரவழைக்கப் பரிசு உதவுமா, அல்லது பரிசே அதன் வாயை அடைத்துவிடுமா என்பதுதான் கேள்வி.

பரிசு உதவும் என்பதில் ஐயமில்லை. அஞ்சல்வழிக் கேள்விப் படிவங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. சிறு தொகை சேர்த்து அனுப்பியபோது பதில் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. அதில் கவனிக்கத்தக்க செய்தி இன்னொன்று: பதில் தந்தால் பரிசு என்று சொல்வதைவிட, பதில் தந்தாலும் தராவிட்டாலும் பரிசை முன்னதாகவே கொடுத்துவிடுவது கூடுதல் பலன் தந்தது. நம் ஊர்க்காரருக்கு இது வியப்பாக இராது. கூலி பேசி வாங்கும் வேலை ஒரு வகை. முதலில் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டுக் கேட்கும் உதவி வேறு வகை.

இவ்வளவு பயன்படும் பரிசை, அமெரிக்க மருத்துவமனைகளுக்கான தேசியக் கணக்கெடுப்பு அறவே விலக்கியிருக்கிறது. HCAHPS எனப்படும் அக்கணக்கெடுப்பின் முடிவுகள் 2008 முதல் மருத்துவமனை வாரியாகப் பொதுமக்களுக்கு வெளியிடப்படுகின்றன. அதில் நோயாளிக்கு எவ்வகை அன்பளிப்பும் தரலாகாது. நல்ல மதிப்பெண் தருமாறு குறிப்பாலும் உணர்த்தலாகாது. வீடு திரும்பி இரண்டு நாள் ஆவதற்கு முன் கேள்வியும் கேட்கலாகாது. மருத்துவமனைக்குள் இருக்கும்வரை நோயாளி அதன் தயவில் இருப்பவர். பரிசும் அத்தயவின் ஒரு பகுதியாகவே அவருக்குத் தோன்றும் என்னும் அச்சம் இவ்விதிகளில் தெரிகிறது.

இந்த அச்சம் நமக்கும் பொருந்தும். ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து, பீடி சுற்றும் ஒரு தாய் ஐந்து நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவதாகக் கொள்வோம். மகள் கட்டணம் செலுத்தப் போயிருக்கிறாள். ஆட்டோ வாசலில் நிற்கிறது. “அம்மா, இதில் ஒரு டிக் போட்டுத் தந்தால் இந்தப் பை உங்களுக்கு” என்கிறார் ஊழியர். மூக்குக் கண்ணாடி பெட்டிக்குள் இருப்பதால் அந்த அம்மையார், “நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் தாயி” என்று சொல்லிவிடுகிறார். படிவம் நிறைந்துவிடுகிறது. ஆயினும் அதில் இருப்பது அவருடைய கருத்தன்று. அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு இதே முகங்களிடம்தானே வரவேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்திருக்கும். பையை நீட்டும் கைக்கு முன்னால் எவர் குறை சொல்வார்?

எண்ணிக்கையிலும் ஒரு மயக்கம் உண்டு. ஒரு மாதத்தில் 200 பேர் வீடு திரும்பி, 40 பேர் படிவம் தந்து, அவர்களில் 36 பேர் நிறைவு என்று குறித்ததாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு என்று பலகையில் எழுதிவிடலாம். எழுதாமல் சென்ற 160 பேரில் பாதிப் பேர் மனக்குறையோடு போயிருந்தால், உண்மையில் நிறைவடைந்தவர் 116 பேரே. அது நூற்றுக்கு 58. பேசாமல் போனவர்கள் பேசியவர்களைப் போன்றவர்களே என்று கொள்ள நமக்கு உரிமையில்லை. 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் என்னும் அமெரிக்க வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவர் பெரும் வெற்றி பெற்றார். சீட்டுச் சென்றவர்களில் வசதியுடையோர் மிகுதி; திருப்பி அனுப்பியவர்களோ ரூஸ்வெல்ட் மீது சினம் கொண்டவர்களாகவே பெரிதும் இருந்தனர்.

ஆகவே பரிசின் வேலை ஒன்றே ஒன்றுதான்: பேசாமல் போகிறவரைப் பேச வைப்பது. அதற்கு அது பதிலின் நிறத்தைப் பாராமல் எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைக்கவேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் மருந்துச் சீட்டோடு சேர்த்துப் பரிசையும் வெற்றுப் படிவத்தையும் உறையில் வைத்துக் கொடுத்துவிடலாம். நிரப்பியதைப் பூட்டிய பெட்டியில் இடலாம், அல்லது மறுபரிசோதனைக்கு வரும்போது கொண்டுவரலாம். பரிசு பெற்றமைக்குக் கையொப்பம் வாங்கினால் அதைத் தனிப் பதிவேட்டில் வாங்கவேண்டும். படிவத்தின் அடியில் வாங்கினால் பெயர் தெரிந்துவிடும். பரிசும் சிறியதாக இருத்தல் நலம். ஏழு நாளுக்கு ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி ஒன்று போதும். அல்வாப் பொட்டலம் வேண்டாம். வாங்குவோரில் சர்க்கரை நோயாளிகளும் இருப்பார்கள்.

கேள்வி எத்தகையது என்பதையும் பாருங்கள். “எங்கள் சேவை தங்களுக்குத் திருப்தியா?” என்பதற்கு மரியாதையாக ஆம் என்று சொல்லாதவர் அரிது. மேலே சொன்ன அமெரிக்கப் படிவமோ, அழைத்தவுடன் உதவி எத்தனை முறை கிடைத்தது, இரவில் அறையைச் சுற்றி எத்தனை முறை அமைதி இருந்தது என்று கேட்டு, ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை நான்கு விடைகள் தருகிறது. திருப்தியைப் பற்றிப் பொய் சொல்வது எளிது. நடந்ததைப் பற்றிச் சொல்வது கடினம். தங்களிடம் தரப்படும் படிவத்தில் இத்தகைய கேள்விகள் இல்லையெனில், அடியில் உள்ள வெற்றிடத்தில் நாள், நேரம், வார்டு குறித்து நடந்ததை இரண்டு வரி எழுதுங்கள். “கவனிப்பு சரியில்லை” என்பதை வைத்து யாரும் எதையும் திருத்த இயலாது. “புதன் இரவு பதினொரு மணிக்கு டிரிப் முடிந்தது, ஒன்றரை மணிக்குத்தான் கழற்றினார்கள்” என்பதைக் கொண்டு அன்றைய பணிப் பட்டியலைப் பார்க்கலாம்.

அரசு மருத்துவமனைகளுக்கென மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’ திட்டத்தில், பதிவின்போது தரும் கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி அல்லது குரல் அழைப்பு மூலம் கருத்துக் கேட்கப்படுகிறது. நிறைவில்லை என்போரிடம் ஊழியர் நடத்தை, தூய்மை, செலவு, சிகிச்சைத் தரம் இவற்றில் எது காரணம் என்றும் வினவுகிறது. கேள்வி வீட்டிற்கே வருவதால், நீட்டிய கையின் முன் பதில் சொல்லும் சங்கடம் இல்லை. ஆனால் பதிவில் கொடுத்தது வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணாயின், கேள்வி அவருக்கே போகும். கட்டிலில் கிடந்தவருக்கு அது தெரியவே தெரியாது. உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் எண்ணைக் கொடுங்கள்.

கைப்பேசியில் வருவதெல்லாம் உண்மையான கருத்துக் கேட்பு அன்று. டாடா குழுமத்தின் 150-ஆம் ஆண்டு நிறைவுக்கு நான்கு கேள்விகளுக்கு விடையளித்தால் கார் பரிசு என்று 2021-இல் வாட்ஸ்அப்பில் ஒரு போலிச் செய்தி பரவியது; தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அந்நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. எந்த மருத்துவமனையும் கருத்துக் கேட்கும்போது வங்கிக் கணக்கையோ, ஓடிபி எண்ணையோ, ஆதாரையோ கேட்க வேண்டியதில்லை. இருபது நண்பர்களுக்கு அனுப்பு என்று சொல்லவும் வேண்டியதில்லை. அவ்வாறு கேட்டால் விடையளிக்காமல் மருத்துவமனை வரவேற்பில் நேரில் விசாரியுங்கள். பணம் போய்விட்டதென்றால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.